பழக்கம் தெரியாத வீட்டில் விருந்தாளி: வாசலிலும் பெரியவர்கள் முன்னும் சாப்பாட்டிலும்

வேறு வழக்கங்கள் உள்ள வீட்டுக்கு விருந்தாகப் போகிறவர் செய்யும் பிழைகளில் முக்கால்வாசி, அறியாமையால் வருபவை அல்ல. அந்த வீட்டு வழக்கம் தனக்குத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும், வீட்டாருக்கும் தெரியும். அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. யோசிப்பதற்கு முன்பே உடம்பு தானாகச் செய்துவிடும் காரியங்களில்தான் பிழை நடக்கிறது. கதவு திறந்ததும் கால் உள்ளே போய்விடுகிறது. பெரியவரைக் கண்டதும் கை குலுக்குவதற்காக நீண்டுவிடுகிறது. தட்டு வைத்ததும் முதல் வாய் போய்விடுகிறது. அவரவர் வீட்டில் சிறு வயது முதல் பழகிய அசைவுகள் இவை. இவற்றைத் தனி விதிகளாகப் பிறகு மனப்பாடம் செய்வதைவிட, எந்தெந்த நொடியில் உடம்பு முந்திக்கொள்ளும் என்று முன்பே தெரிந்துவைத்து, அந்த நொடியில் நிற்பதே பயன் தரும்.

அந்த இடங்கள் அதிகமில்லை. வாசலில், வெளி எங்கே முடிந்து உள் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். பெரியவர்கள் முன், யார் முதலில் அசைய வேண்டும் என்று தெரிய வேண்டும். சாப்பாட்டில், ‘போதும்’ என்பதை அந்த வீடு எந்தச் சைகையால் புரிந்துகொள்கிறது என்று தெரிய வேண்டும். இவற்றில் கடைசியானதுதான் மிகக் கடினம்.

போவதற்கு முன் கேட்பது

அழைத்தவரிடம் “நான் ஏதாவது கவனமாக இருக்க வேண்டுமா?” என்று கேட்டால் எந்த ஊரிலும் ஒரே பதில்தான் வரும்: “ஒன்றும் வேண்டாம், சும்மா வாருங்கள்.” அதில் பொய் இல்லை. தன் வீட்டு வழக்கம் யாருக்கும் வழக்கமாகத் தெரிவதில்லை. அது இயல்பு என்றே தோன்றும். அதனால் கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். “வீட்டில் பெரியவர்கள் யார் யார் இருப்பார்கள்? அவர்களை நான் என்ன சொல்லி அழைக்க வேண்டும்? முதலில் பார்க்கும்போது எப்படி வணக்கம் சொல்வது வழக்கம்?” இப்படிக் கேட்டால் உடனே விவரம் வரும். அழைத்தவருக்கும் சந்தோஷம்தான், தன் பெற்றோர் முன் நண்பர் தடுமாறுவதை யாரும் விரும்புவதில்லை.

சாப்பிடக்கூடாத பொருள் ஏதாவது இருந்தால் அதை இரண்டு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். மேசையில் சொன்னால், சமைத்தவரின் உழைப்பை எல்லோர் முன்னும் திருப்பிக் கொடுப்பது போலாகிவிடும். சொல்லும்போது ‘நான் சைவம்’ என்ற வகைப் பெயரோடு நிறுத்தக்கூடாது. பொருளின் பெயரையே சொல்ல வேண்டும். ஜப்பானியச் சமையலில் காய்கறிக் குழம்புக்கும் அடிப்படையாக இருப்பது பெரும்பாலும் உலர்ந்த மீன் வடித்த சாறு. கொரியாவின் கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்வது சாதாரணம். மீன் துண்டு கண்ணில் படாததால், சமைப்பவர் அதைக் காய்கறி உணவு என்றே மனதாரச் சொல்வார். “மீனும் இறைச்சியும் சாப்பிடுவதில்லை, அவற்றை வேகவைத்த சாறு, மீன் சேர்ந்த ஊறல் இவையும் வேண்டாம். சாதமும் காய்கறியும் இருந்தால் எனக்கு நிறைவு” என்று எழுதினால் சமைப்பவருக்கு வழி தெரியும். வேண்டாததைச் சொன்ன கையோடு, எது போதும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் அவர்கள் உங்களுக்காகத் தனியாக ஒரு விருந்தே தயாரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

வாசல்

செருப்பைக் கழற்ற வேண்டுமா என்பதைவிட, எந்தக் கோட்டில் கழற்ற வேண்டும் என்பதே முக்கியம். இதை மிகத் துல்லியமாகக் காட்டுவது ஜப்பானிய வீட்டின் வாசல். கதவைத் திறந்ததும் தாழ்வான ஒரு தளம், அதற்கு அப்பால் ஒரு படி உயரத்தில் வீட்டுத் தரை. தாழ்ந்த தளம் கூரைக்குக் கீழே, கதவுக்கு உள்ளே இருந்தாலும் அது ‘வெளி’. ஷூ அங்கே தொடலாம், காலுறை தொடக்கூடாது. உயர்ந்த தரையில் காலுறை தொடலாம், ஷூ தொடக்கூடாது.

விருந்தாளி சறுக்குவது இங்கேதான். குனிந்து நின்று இரண்டு ஷூவையும் கழற்றுவார். நிலை தடுமாறி, காலுறையோடு ஒரு காலைத் தாழ்ந்த தளத்தில் ஊன்றுவார். பிறகு அதே காலால் படியேறுவார். வெளிப்புழுதி உள்ளே வந்துவிட்டது என்பதுதான் வீட்டார் கண்ணுக்குத் தெரிவது. சரியான முறை இப்படி: வீட்டின் உட்புறத்தைப் பார்த்தபடி படியின் அருகில் நிற்க வேண்டும். ஒரு காலை ஷூவிலிருந்து உருவி, கீழே ஊன்றாமல், நேராக மேல் தரையில் வைக்க வேண்டும். பிறகு மற்றக் காலையும் அப்படியே. மேலே ஏறிய பின், வீட்டாருக்கு முழு முதுகு காட்டாமல் சற்றுச் சாய்வாகத் திரும்பி, மண்டியிட்டு உட்கார்ந்து, ஷூவின் முனை கதவைப் பார்க்கும்படி திருப்பி ஓரமாக வைக்க வேண்டும். முதலிலேயே கதவைப் பார்த்துத் திரும்பி நின்று கழற்றினால் வேலை சுலபம். ஆனால் வரவேற்க நிற்பவருக்கு முதுகைக் காட்டியதாகிவிடும்.

அதற்குள் வீட்டுச் செருப்பு கொடுத்திருப்பார்கள். அதை மரத்தரையிலும் நடைவழியிலும் போடலாம். ததாமி எனப்படும் பாய் விரித்த அறை வந்தால், வாசலிலேயே அதையும் கழற்றிவிட்டுக் காலுறையோடு நுழைய வேண்டும். கழிப்பறைக்கு உள்ளே வேறொரு ஜோடி இருக்கும். வீட்டுச் செருப்பை வெளியே விட்டுவிட்டு அதில் ஏற வேண்டும், வரும்போது அதை உள்ளேயே விட்டுவிட வேண்டும். கழிப்பறைச் செருப்போடு கூடத்துக்குத் திரும்பி வருவதுதான் வெளியூர் விருந்தாளிகள் அடிக்கடி செய்யும் பிழை. நடுவில் தெரிந்தால் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வந்தால் போதும். நின்று விளக்கம் சொன்னால், பார்க்காதவர்களும் பார்ப்பார்கள்.

எல்லா வீட்டிலும் கோடு இத்தனை தெளிவாக இருக்காது. அப்போது தடயங்களைப் பார்க்க வேண்டியதுதான்: கதவருகே காலணி அலமாரி, குவிந்து கிடக்கும் ஜோடிகள், தரையின் உயர வேறுபாடு, மிதியடி, எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டாரின் கால். “பரவாயில்லை, ஷூவோடே வாருங்கள்” என்று சொல்பவர் வெறுங்காலோடோ காலுறையோடோ நின்றால், அது உபசாரச் சொல். கழற்றிவிடுங்கள். அவரே ஷூ போட்டிருந்தால் அது உண்மையான அனுமதி.

எங்கும் கழற்றிவிட்டால் பாதுகாப்பு என்றும் நினைக்க முடியாது. மங்கோலிய மேய்ப்பர்களின் வட்டக் கூடாரமான கெர்ரில் காலணியோடு நுழைவதுதான் வழக்கம். அங்கே புனிதமான கோடு நிலைப்படி. அதை மிதிக்காமல் தாண்ட வேண்டும், அதன் மேல் நின்று பேசக்கூடாது. நடுவில் கூரையைத் தாங்கும் இரண்டு தூண்களுக்கு இடையே குறுக்காக நடக்கக்கூடாது, அவற்றுக்கு இடையே ஒரு பொருளைக் கொடுத்து வாங்கவும் கூடாது. ஜப்பானிய வாசலில் கவனமாக இருந்த அதே விருந்தாளி, இங்கே குனிந்து பூட்ஸைக் கழற்றியபடி நிலைப்படியிலேயே நின்றுவிடுவார். ஒரு வீட்டில் கற்ற மரியாதையை இன்னொரு வீட்டுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போனால் நேர்வது இது.

நடைமுறைத் தயாரிப்பு சிறியது. கயிறு கட்டாத, கையால் இழுக்காமலே காலை உருவக்கூடிய காலணி. கிழிசலில்லாத சுத்தமான காலுறை, பையில் இன்னொரு ஜோடி. வெறுங்காலில் செருப்பு போட்டுப் போகிறவர்களுக்கு இந்த இரண்டாவது ஜோடி கட்டாயம். ஜப்பானில் பிறர் வீட்டுப் பாய்மேல் வெறுங்காலோடு ஏறுவது நல்ல பழக்கமாகக் கருதப்படுவதில்லை. தரையில் உட்காரும் வீடுகளில் உள்ளங்கால் யாரை நோக்கி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தாய்லாந்தில் காலை நீட்டி ஒருவரையோ புத்தர் சிலையையோ காட்டுவது பெரிய அவமரியாதை. காலை மடக்கிப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் தப்பில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டால் நாற்காலியோ சுவர் ஓரமோ கிடைக்கும். பாதிச் சாப்பாட்டில் காலை நீட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பெரியவர்கள் முன்

அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற முதல் ஆளோடு பேச்சைத் தொடங்கிவிடுவதே பொதுவாக நடப்பது. அழைத்த நண்பர் கதவருகே நிற்பார், அவரோடு சிரித்துப் பேசியபடி உட்கார்ந்தும் விடுவோம். உள்ளே நாற்காலியில் அவருடைய தாத்தா உட்கார்ந்திருப்பார். பல சமூகங்களில், அந்தப் பெரியவரை வணங்கும் வரை விருந்தாளி இன்னும் வீட்டுக்குள் வரவேயில்லை என்றுதான் கணக்கு. நண்பரிடம் இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டு, “முதலில் பெரியவர்களைப் பார்த்துவிடுகிறேன்” என்று கேட்டு உள்ளே போவது நல்லது. வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்க வேண்டும். அவர்களைப் பார்த்து முடிக்கும் வரை உட்காரக்கூடாது.

எப்படி வணங்குவது என்பதற்குப் பெரியவரின் கையே பல நேரம் விடை சொல்லும். கை குலுக்க வரும் கை பக்கவாட்டில், கட்டைவிரல் மேலே இருக்கும்படி வரும். பிலிப்பைன்ஸில் முதியவரின் கை புறங்கை மேலே இருக்கும்படி, விரல்கள் தளர்ந்து நீளும். அதைக் குலுக்கக்கூடாது. உங்கள் கையால் மென்மையாக ஏந்தி, நீங்கள் குனிந்து, அந்தப் புறங்கையை உங்கள் நெற்றியில் தொட வேண்டும். “மானோ போ” என்று சொல்வார்கள். முத்தம் கிடையாது. துருக்கியில், குறிப்பாகப் பண்டிகை நாளில், முதியவரின் வலது புறங்கையை முத்தமிட்டு நெற்றியில் வைப்பார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு வழக்கங்களில் இவ்வளவு வேறுபாடு. துருக்கியில் சில பெரியவர்கள் வெட்கத்தோடு கையை இழுத்துக்கொள்வார்கள். அதை விடாப்பிடியாகப் பிடிக்காமல் தலை குனிந்து வாழ்த்துச் சொன்னால் போதும். இரண்டு இடத்திலும் பெரியவரின் கையை உங்கள் உயரத்துக்குத் தூக்கக்கூடாது. குனிய வேண்டியது நீங்கள்.

கொரிய வீட்டில் கை நீளாது. நின்று, கைகளைச் சேர்த்து, இடுப்பிலிருந்து குனிந்து வணங்க வேண்டும். பெரியவர் தானாகக் கை நீட்டினால் மட்டும் வலக்கையைக் கொடுத்து, இடக்கையால் வலது முன்கையைத் தாங்கிக்கொண்டு சற்றுக் குனிய வேண்டும். கொண்டுபோன பரிசையும் இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். பெயர் சொல்லி அழைப்பது எந்த நிலையிலும் கிடையாது. நண்பரின் தாயும் தந்தையும் உங்களுக்கும் ‘ஒமொனிம்’, ‘அபொனிம்’ தான், அதாவது அம்மா, அப்பா.

புத்தாண்டில் போனால் தரையில் மண்டியிட்டு விழும் பெரிய வணக்கம் செய்வதைப் பார்ப்பீர்கள். உங்களையும் செய்யச் சொல்லலாம். உயிரோடிருப்பவருக்கு அது ஒரே முறை. இறந்த முன்னோருக்கான சடங்கில்தான் இரண்டு முறை. மரியாதை கூடட்டும் என்று ஆர்வத்தில் இரண்டாம் முறை விழுந்தால், உட்கார்ந்திருக்கும் பாட்டியை இறந்தவர் வரிசையில் வைத்ததாகிவிடும். மேலே எந்தக் கை இருக்க வேண்டும் என்பதும் இப்படித்தான்: மங்கல நாளில் ஆண்களுக்கு இடக்கை, பெண்களுக்கு வலக்கை, துக்க வீட்டில் அது தலைகீழ். இவ்வளவு பொருள் ஏறிய ஒரு வணக்கத்தைப் பாதி தெரிந்து செய்வதைவிட, “எனக்கு ஒரு தடவை காட்டுங்கள்” என்று வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுச் செய்வது அழகு.

எவ்வளவு தூரம் பின்பற்றுவது என்றால், அதற்கும் எல்லை உண்டு. நைஜீரியாவின் யொரூபா மக்களிடையே இளைய ஆண்கள் பெரியவர் முன் தரையில் படிந்தும், பெண்கள் மண்டியிட்டும் வணங்குவார்கள். வெளியிலிருந்து வந்த விருந்தாளியிடம் முழுவதையும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆண் ஆழமாகக் குனிந்தாலும் பெண் முழங்காலைச் சற்று மடக்கினாலும் அவர்கள் மனம் நிறையும். உயரத்தைக் குறைத்துக்கொள்வதுதான் அங்கே செய்தி. சமோவாவிலும் அதே செய்தி வேறு இடத்தில் வருகிறது: உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கடந்து போகும்போது முதுகை வளைத்து, “துலோ” என்று சொல்லியபடி போக வேண்டும். நிமிர்ந்து விறுவிறுவென்று கடந்து போனால் தவறு.

ஆணும் பெண்ணும் கை தொடுவது ஒரு தனி விஷயம். பக்தி மிகுந்த பல முஸ்லிம் குடும்பங்களிலும், வைதிக யூதக் குடும்பங்களிலும் உறவல்லாத எதிர்பாலாரோடு கை குலுக்க மாட்டார்கள். அங்கே பெண்ணை நோக்கி ஆண் கை நீட்டினால், அவர் தன் நெறியை மீற வேண்டும் அல்லது விருந்தாளியை அவமானப்படுத்த வேண்டும். அந்த இக்கட்டை யாருக்கும் உண்டாக்கக்கூடாது. வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தால் எந்த வீட்டிலும் பொருந்தும். அவர்களாகக் கை நீட்டினால் பிறகு குலுக்கலாம். எதுவுமே தெரியாத வீட்டில் செய்ய வேண்டியதும் இதுவே: நின்று, தலை தாழ்த்தி, ஒரு நொடி காத்திருப்பது. வணக்கத்தில் முந்திக்கொள்ளலாம், தொடுவதில் முந்தக்கூடாது.

சாப்பாடு: தொடங்குவது

கொரிய மேசையில் மூத்தவர் கரண்டியைத் தூக்கும் வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். சோற்றுக்கும் குழம்புக்கும் கரண்டி, தொடுகறிகளுக்குக் குச்சி. கிண்ணம் மேசையில்தான் இருக்க வேண்டும், கையில் தூக்கக்கூடாது. பக்கத்து நாடான ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவதுதான் முறை. மேசையில் விட்டுவிட்டு அதன்மேல் குனிந்தால்தான் அநாகரிகம். இரண்டு இடத்திலும் பொதுவானது ஒன்று: குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக்கூடாது, அது இறந்தவருக்குப் படைக்கும் விதம். ஜப்பானில் ஒரு குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது. தகனத்துக்குப் பிறகு எலும்பை எடுப்பது அப்படித்தான்.

காத்திருப்பது மூத்தவருக்காக மட்டுமல்ல. வெள்ளி இரவு ஒரு வைதிக யூத வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், எல்லோரும் எழுந்துபோய்ச் சொம்பால் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரும்பி வந்து, திடீரென்று வாய் திறக்காமல் இருப்பார்கள். புதியவருக்கு ஏதோ தப்பாகப் பேசிவிட்டோமோ என்று பகீரென்று இருக்கும். கை கழுவியதற்கும், ரொட்டிக்கு ஆசி சொல்லி ஒரு துண்டைச் சாப்பிடுவதற்கும் நடுவே பேசக்கூடாது என்பதே காரணம். மௌனத்தை நிரப்ப வேண்டும் என்று பேச்சுக் கொடுக்காமல் அவர்களோடு சும்மா இருந்தால் ஒரு நிமிடத்தில் கலகலப்பு திரும்பிவிடும்.

எத்தியோப்பியாவில் எல்லோருக்கும் ஒரே பெரிய தட்டு. இஞ்செரா எனும் புளித்த அப்பத்தை வலக்கையால் பிய்த்து, உங்கள் பக்கத்தில் உள்ளதை மட்டும் அள்ள வேண்டும். நடுவே ஒருவர் கவளம் உருட்டி உங்கள் வாயருகே நீட்டுவார். அன்பின் அடையாளம் அது. முகத்தைத் திருப்பினால் புண்படும். வாயைத் திறந்து வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

போதும் என்று சொல்வது

எங்கே தொடங்குவது என்பதை மற்றவர்களைப் பார்த்துக் கற்கலாம். எங்கே முடிப்பது என்பதை அப்படிக் கற்க முடியாது, ஏனென்றால் விருந்தாளிக்கு மட்டும் தனிச் சட்டம். வீட்டார் சாப்பிட்டு முடிப்பதைப் போல நீங்கள் முடித்தால், உங்கள் தட்டு மீண்டும் நிறையும்.

வளைகுடா அரபு வீட்டில் தரும் காபியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊற்றுபவர் இடக்கையில் கூஜாவும் வலக்கையில் கைப்பிடியில்லாத சின்னக் கோப்பைகளுமாக நிற்பார். கோப்பையின் கால் பாகமோ அதற்குச் சற்று மேலோதான் ஊற்றுவார். கஞ்சத்தனம் அல்ல; விளிம்பு வரை ஊற்றுவதுதான் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்ற பொருள் தரும். வலக்கையால் வாங்கி, குடித்து, வலக்கையாலேயே திருப்பித் தர வேண்டும். வெறுமனே நீட்டினால் மறுபடி ஊற்றுவார். “போதும், நன்றி” என்று வாயால் சொல்லி நீட்டினாலும் அதை உபசாரக் கூச்சமாக எடுத்துக்கொண்டு ஊற்றுவார். கோப்பையை மணிக்கட்டால் இடவலமாக இரண்டு மூன்று முறை ஆட்டித் தந்தால்தான் நிறுத்துவார். முதல் கோப்பையை மறுப்பது சரியில்லை. மூன்றோடு நிறுத்திக்கொள்வது பொதுவான அளவு. சைகை தெரியாத விருந்தாளி ஐந்தாறு கோப்பை குடித்துத் தூக்கமில்லாமல் தவிப்பதும், ஊற்றியவர் இவருக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று மகிழ்வதும் நடக்கும்.

தட்டில் இது இன்னும் சிக்கல். சீனாவின் மரபான விருந்தில் எல்லாத் தட்டும் காலியானால், உணவு போதவில்லையோ என்று வீட்டார் முகம் வாடும். ஜப்பானில் கிண்ணத்தில் ஒட்டிய கடைசிப் பருக்கை வரை சாப்பிடுவதே சமைத்தவருக்கு மரியாதை. ஒரு வீடு இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று தெரியாதபோது உதவுகிற வழி ஒன்று உண்டு. முதல் முறை பரிமாறும்போதே கொஞ்சமாக வாங்கிக்கொள்ள வேண்டும், வயிறு கொள்வதில் பாதி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் ஒரு வாய் ருசித்த பிறகு, இரண்டாவது முறை கேட்டதும் வாங்கிக்கொள்ள வேண்டும். உபசரிப்பவருக்கு வேண்டியது அந்த இரண்டாவது முறைதான். அதன் பிறகு வேகத்தைக் குறைத்து, கடைசி இரண்டு வாயைத் தட்டில் வைத்துக்கொண்டே பேச வேண்டும். தட்டில் உணவு இருக்கும் வரை யாரும் வற்புறுத்துவது குறைவு. மற்றவர்கள் எழத் தொடங்கும்போது சுற்றிப் பார்த்து, அவர்கள் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டிருந்தால் அந்த இரண்டு வாயையும் முடித்துவிடுங்கள்; மிச்சம் வைத்திருந்தால் நீங்களும் விட்டுவிடுங்கள். கொரிய வீட்டில் இதற்கே ஒரு முறை இருக்கிறது: மூத்தவருக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிட்டால் கரண்டியைக் கீழே வைக்காமல் குழம்புக் கிண்ணத்திலேயே விட்டு வைப்பார்கள், அவர் முடித்த பிறகுதான் எடுத்து வைப்பார்கள்.

வற்புறுத்தலுக்கும் இலக்கணம் உண்டு. ஈரானிய வீட்டில் தேநீரோ பழமோ நீட்டினால், ஓரிரு முறை மறுத்துவிட்டு, மூன்றாவது முறை ஏற்பது வழக்கம். முதல் அழைப்பிலேயே எடுத்தால் பெரிய குற்றமில்லை. ஆனால் முதல் முறை மறுத்ததோடு பேச்சு முடிந்துவிட்டது என்று விருந்தாளி நினைத்தால் ஏமாறுவார். உண்மையில் வேண்டாம் என்றால் காரணம் வேண்டும், அதுவும் உடம்பைச் சார்ந்த காரணம்: மருத்துவர் இனிப்பை நிறுத்தச் சொல்லியிருக்கிறார், இரவில் தேநீர் குடித்தால் தூக்கம் வராது. காரணமில்லாத மறுப்பு கூச்சம் என்று எடுத்துக்கொள்ளப்படும். இதே வீட்டில் ஒரு கிண்ணத்தையோ படத்தையோ நீங்கள் புகழ்ந்தால், “உங்களுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். அதை எடுத்துக்கொண்டு கிளம்பக்கூடாது. உபசாரச் சொல்லும் உண்மையான சொல்லும் ஒரே வாக்கியத்தில் வரும் வீடுகளில், மூன்றாவது முறையும் அதே அழுத்தத்தோடு வருகிறதா என்பதே உரைகல்.

உதவுவது

சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போவது நல்ல மனத்தோடு செய்யப்படும் பிழை. உணவு விதிகளைக் கடைப்பிடிக்கும் யூத வீட்டில் இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள், தனித்தனித் தேய்ப்பான்கள். பல வீடுகளில் கழுவும் தொட்டியும் இரண்டு. பால் பக்கத்துத் தேய்ப்பானால் இறைச்சிப் பாத்திரத்தை நீங்கள் தேய்த்துவிட்டால், அந்த வீட்டாருக்கு அது ஈரத்துணியால் துடைத்துப் போகிற தவறில்லை. பாத்திரத்தை மீண்டும் பயன்படுத்தலாமா என்று தங்கள் மதகுருவான ரபியிடம் கேட்க வேண்டி வரலாம். வீட்டில் சமைத்த பண்டத்தையும் அங்கே கொண்டுபோகக்கூடாது. அவர்களின் உணவு விதிக்கு ஏற்றது என்று காட்டும் கோஷர் முத்திரை உள்ள, பிரிக்காத பெட்டியோ பூங்கொத்தோ போதும். வெள்ளி மாலை சூரியன் மறைந்ததும் அவர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். ஓய்வுநாளில் மின்விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் கூடாது என்பதால், கழிப்பறையிலிருந்து வெளியே வரும்போது கை தானாகச் சுவிட்சுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவெல்லாம் எரியட்டும் என்றே அவர்கள் அதை விட்டிருக்கிறார்கள்.

எந்த வீட்டிலும் சமையலறைக்கு வாசலுக்குச் சமமான ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, “தட்டை இங்கே வைக்கட்டுமா, உள்ளே கொண்டு வரட்டுமா?” என்று கேட்பதே உதவி. “வேண்டாம், உட்காருங்கள்” என்று இரண்டு முறை சொன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். பெரியவரோடு பேசிக்கொண்டிருப்பது அந்த நேரத்தில் வீட்டாருக்கு இன்னும் பெரிய உதவி.

கிளம்புவது

கிளம்பும் செய்தியை வாசலில் சொல்லக்கூடாது. உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிட்டு, முதலில் மூத்தவரிடம் போய் விடைபெற வேண்டும். வரும்போது எந்த வணக்கமோ போகும்போதும் அதுவே. பல வீடுகளில் “இன்னும் கொஞ்சம் இருங்கள்” என்பார்கள், அதற்காகப் பத்து நிமிடம் முன்பே பேச்சை எடுத்தால் அவசரப்பட வேண்டியிருக்காது. மறுநாள் அனுப்பும் நன்றியில் பெரியவர்களைப் பெயரிட்டோ உறவு சொல்லியோ குறிப்பிட்டு, சாப்பிட்ட ஒரு பண்டத்தையும் சொன்னால், அதை அந்த வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுவார்கள். ஜப்பானில் அதோடு முடிவதில்லை. அடுத்த முறை அவர்களை எங்கே பார்த்தாலும், சில வாரங்கள் ஆகியிருந்தாலும், வேறு பேச்சைத் தொடங்கும் முன் அன்றைய விருந்துக்கு மறுபடி ஒரு நன்றி சொல்ல வேண்டும்.